7 மணி நேரம் கொடுத்து 5 மணி நேரம் வாங்கும் செல்: எடிசனின் ஏ-4 பற்றி

எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரிகளில் ஏ-4 என்று ஒரு செல் உண்டு. அதைப் பயன்படுத்தும் முறை மிகவும் எளிது. 30 ஆம்பியரில் 7 மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும். அப்புறம் அதே 30 ஆம்பியரை அது 5 மணி நேரம் திருப்பித் தரும். உள்ளே போனது 210 ஆம்பியர்-மணி, வெளியே வந்தது 150. மீதி 60 திரும்பி வருவதே இல்லை. செல் பழுதானதால் வரும் இழப்பு இல்லை இது. தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதிய செல்லுக்கே இதுதான் கணக்கு.

ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்தால் இழப்பு முழுவதும் தெரியாது. சார்ஜ் ஆகும்போது செல்லின் மின்னழுத்தம் சராசரியாக 1.7 வோல்ட் அளவில் நிற்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 1.2 வோல்ட்தான் கிடைக்கிறது. ஆகவே உள்ளே போன ஆற்றல் 210 × 1.7 = 357 வாட்-மணி. வெளியே வந்தது 150 × 1.2 = 180 வாட்-மணி. கிட்டத்தட்ட சரிபாதி. இன்றைய லித்தியம் பேட்டரி 100 வாங்கினால் 90-க்கு மேல் திருப்பித் தருகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரிகூட 80 அளவுக்குத் தந்துவிடும்.

இருந்தும் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் செய்த நிக்கல்-இரும்பு செல்களை வாங்கி, கழுவி, புதுக் கரைசல் ஊற்றி, சோலார் பேனலோடு இணைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 30 வருடம் கழிந்த லெட்-ஆசிட் பேட்டரியை அப்படி உயிர்ப்பிக்க முடியாது. அது பழைய ஈயமாக எடைக்குத்தான் போகும்.

இவ்வளவு வீணடிக்கும் ஒரு பொருள் எப்படி இவ்வளவு காலம் உழைக்கிறது? வீணடிப்பதும் நீடிப்பதும் தற்செயலாக ஒரே செல்லில் வந்து சேர்ந்த இரண்டு குணங்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது என் கருத்து. ஏ-4 செல்லையே பிரித்துப் பார்த்து, அந்த 177 வாட்-மணி எங்கெங்கே போகிறது என்று கணக்கெடுத்தால் இது தெளிவாகும்.

ஒருவர் கைவிட்டது, இன்னொருவர் எடுத்துக்கொண்டது

இந்தச் செல்லை முதலில் ஆராய்ந்தவர் ஸ்வீடன் நாட்டு வால்டெமார் யுங்னர். 1899-ல் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கியவர் அவர்தான். காட்மியம் விலை அதிகம் என்பதால் அந்த இடத்தில் இரும்பை வைத்தும் பார்த்தார். செலவு குறைந்தது. ஆனால் சார்ஜ் செய்யும்போது மின்சாரம் சரியாக ஏறவில்லை, வாயுவும் நிறைய கிளம்பியது. அவர் இரும்பை விட்டுவிட்டுக் காட்மியத்தோடு நின்றுகொண்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் மின்சாரக் கார்களுக்கு ஒரு பேட்டரி தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஈயமும் அமிலமும் பிடிக்கவில்லை. கனம், அரிப்பு, சில வருடங்களிலேயே தகடு உதிர்வது, எல்லாம் அவரை உறுத்தின. காரக் கரைசலில் இயங்கும் நிக்கல்-இரும்பு செல்லுக்கு 1901-ல் காப்புரிமை பெற்றார். யுங்னர் பார்த்த அதே வாயுவைத்தான் எடிசனும் பார்த்திருப்பார். ஆனால் அவர் தேடியது சிக்கனத்தை அல்ல. குண்டும் குழியுமான சாலையில் நாள் முழுக்க அடிபட்டும் சாகாத பேட்டரிதான் அவருக்கு வேண்டியிருந்தது.

முதல் முயற்சி தோற்றது. 1903-ல் 'ஈ' வகை என்ற பெயரில் செல்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு வருடத்துக்குள்ளேயே புகார்கள் குவிந்தன. பற்றவைத்த ஓரங்களில் கரைசல் கசிந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, கொள்ளளவு போகப்போகக் குறைந்தது. எடிசன் 1904-ல் உற்பத்தியை நிறுத்தி, விற்ற செல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி சந்தைக்கு வர 1909 வரை ஆனது.

அந்த இடைவெளியில் கண்டுபிடித்த ஒரு திருத்தம் இந்தச் செல்லின் ஆயுளுக்கு மிக முக்கியம். நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் முதல் செல்களில் அதோடு கிராஃபைட்டைக் கலந்திருந்தார்கள். சார்ஜும் டிஸ்சார்ஜும் மாறி மாறி நடக்கும்போது நிக்கல் பொருள் வீங்கும், சுருங்கும். கிராஃபைட்டுக்கும் அதற்கும் இருந்த தொடர்பு விட்டுப்போனது. புதிய செல்லில் கிராஃபைட்டை எடுத்துவிட்டு மெல்லிய நிக்கல் செதில்களைப் போட்டார்கள். செம்பும் நிக்கலும் மாறி மாறி மின்முலாம் பூசி, அப்புறம் செம்பை மட்டும் கரைத்து எடுத்தால் காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லிய நிக்கல் செதில் மிஞ்சும். துளையிட்ட எஃகுக் குழாய்க்குள் ஒரு அடுக்கு ஹைட்ராக்சைடு, ஒரு அடுக்கு செதில் என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை இடித்து இறுக்கினார்கள். குழாய் வீங்கி வெடிக்காமல் இருக்க வெளியே எஃகு வளையங்களை மாட்டினார்கள். பென்சில் தடிமனுள்ள இந்தக் குழாய்களை வரிசையாகக் கட்டியதுதான் ஏ-4-ன் நேர்த்தகடு. எதிர்த்தகட்டில் இதேபோல் துளையிட்ட தட்டையான எஃகுப் பைகள், அவற்றுக்குள் இரும்பு ஆக்சைடு, கூடவே கொஞ்சம் பாதரசம். பழைய செல்லைத் திறந்து கழுவ நினைக்கிறவர்கள் இந்தப் பாதரசத்தை மறக்கக்கூடாது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட முடியாது.

வெளிப்பெட்டியும் நிக்கல் முலாம் பூசிய எஃகு. இந்த முறை ஓரங்களை வெல்டிங் செய்து மூடினார்கள். உள்ளே சுமார் 21% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், அதோடு சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு.

ஏன் சாவதில்லை

ஒரு பேட்டரி சாவது பெரும்பாலும் அதன் பொருள் இடம் மாறுவதால்தான். சார்ஜ் செய்த நிலையில் ஒரு இடத்தில் இருந்த அணு, டிஸ்சார்ஜ் ஆகி மறுபடி சார்ஜ் ஆகும்போது அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தால், ஆயிரம் சுற்றில் தகட்டின் உருவமே மாறிவிடும்.

லெட்-ஆசிட் பேட்டரியில் நடப்பது அதுதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஈயம் ஈய சல்பேட்டாக மாறுகிறது. சல்பேட் கரைசலில் கொஞ்சம் கரையும், மறுபடி படிகமாகும். பேட்டரியைக் காலியாகவே விட்டுவைத்தால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய்ச் சேரும். பெரிய படிகத்தைச் சார்ஜ் செய்து திருப்புவது கடினம். இதோடு நேர்த்தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டமே அரிபட்டுக்கொண்டிருக்கும். தகட்டுப் பொருள் இளகி, உதிர்ந்து, அடியில் சேறாகத் தங்கும்.

நிக்கல்-இரும்பு செல்லில் டிஸ்சார்ஜ் ஆகும்போது இரும்பு இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இது காரக் கரைசலில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. உருவான இடத்திலேயே உட்கார்ந்துவிடும். சார்ஜ் செய்யும்போது அங்கேயே மெதுவாக, மிகச்சிறு துகள்களாக மறுபடி இரும்பாகிறது. நிக்கல் பக்கமும் அப்படித்தான்: இரண்டு நிலையிலும் திடப்பொருள், இரண்டு நிலையிலும் கரையாதது. இதற்கு மேல், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் எஃகு காரத்தில் துருப்பிடிப்பதில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி வருடக்கணக்கில் பத்திரமாக இருப்பதற்கும் இதே காரத்தன்மைதான் காரணம்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைக் கடத்துகிறதே தவிர, வினையில் செலவாவதில்லை. லெட்-ஆசிட்டில் அமிலமே வினைப்பொருள் என்பதால் ஹைட்ரோமீட்டர் வைத்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்கலாம். இங்கே அது முடியாது. முழுக்கச் சார்ஜ் ஆனாலும் காலியானாலும் கரைசலின் அடர்த்தி 1.2 சுற்றியே நிற்கும். புதிதாக இந்த பேட்டரிக்கு வருகிறவர்கள் அடர்த்தி ஏறவில்லையே என்று மணிக்கணக்கில் கூடுதலாகச் சார்ஜ் செய்துகொண்டிருப்பதுண்டு.

தண்ணீரின் எல்லைக்கு வெளியே நிற்கும் செல்

சரி, இழப்புக்கு வருவோம். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, கொள்கை அளவில் 1.23 வோல்ட் போதும். நிக்கல்-இரும்பு செல்லின் இயல்பான மின்னழுத்தம் சுமார் 1.37 வோல்ட். அதாவது சார்ஜ் ஆகி, ஒன்றும் செய்யாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் செல்லுக்குக்கூட தன் தண்ணீரைப் பிளக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கிறது.

இரும்புத் தகட்டில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். காரக் கரைசலில் இரும்பு ஹைட்ராக்சைடு இரும்பாகத் திரும்ப வேண்டிய மின்னழுத்தம், ஹைட்ரஜன் அளவுகோலில், சுமார் −0.88 வோல்ட். அதே கரைசலில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும் மின்னழுத்தம் −0.83. ஆக நாம் சார்ஜ் செய்யும்போது கீழே இறங்கி வரும் வழியில் முதலில் ஹைட்ரஜன் வாசலைத்தான் தாண்டுகிறோம். 0.05 வோல்ட் கழித்துத்தான் இரும்பு வாசல். கொடுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் முதல் வாசலிலேயே நுழைந்துவிடும். ஹைட்ரஜன் உருவாவது இரும்பின் மேல் கொஞ்சம் மந்தமாக நடப்பதால்தான் இரண்டாவது வாசலுக்கு ஏதாவது மிஞ்சுகிறது.

காட்மியத்தின் இடம் −0.81 அளவில், ஹைட்ரஜன் வாசலுக்கு முன்னால். சார்ஜ் முடியும் வரை ஹைட்ரஜன் எட்டிப் பார்க்காது. யுங்னர் இரும்பை விட்டுக் காட்மியத்தோடு நின்றதற்குப் பின்னால் இருந்த வித்தியாசம் இந்தச் சில நூறில் ஒரு பங்கு வோல்ட்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

இங்கே ஒரு கேள்வி எழும். லெட்-ஆசிட் செல் 2 வோல்ட் ஆயிற்றே, அது தண்ணீரை இன்னும் வேகமாகப் பிளக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் ஈயத்தின் மேற்பரப்பு ஹைட்ரஜனை உருவாக்குவதில் மகா சோம்பல். அந்தச் சோம்பலில்தான் லெட்-ஆசிட்டே பிழைக்கிறது. இரும்புக்கு அந்த அளவு சோம்பல் கிடையாது.

நிக்கல் தகட்டிலும் இதேபோல் ஒரு நெருக்கடி உண்டு. நிக்கல் சார்ஜ் ஆவது சுமார் +0.49 வோல்ட்டில். ஆக்சிஜன் கிளம்பத் தொடங்குவது +0.40-ல். இரண்டு தகடும் தண்ணீரின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அதனால்தான் 150 ஆம்பியர்-மணி எடுக்க 210 கொடுக்க வேண்டியிருக்கிறது. மீதி 60-ம் தண்ணீரைப் பிளப்பதில் போகிறது.

வெப்பம் எவ்வளவு, வாயு எவ்வளவு

நிக்கல்-இரும்பு பேட்டரி பாதி மின்சாரத்தை வெப்பமாக வீணடிக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏ-4 கணக்கில் இழப்பு 177 வாட்-மணி. இது முழுவதும் வெப்பமாக மாறுகிறதா என்று பார்ப்போம். சிறு திருத்தங்களை விட்டுவிட்டு, பெரிய பங்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 60 ஆம்பியர்-மணி. அவை 1.7 வோல்ட்டில் உள்ளே போயின, ஆகவே 102 வாட்-மணி. தண்ணீர் பிளவுபடும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி ஹைட்ரஜனுக்குள் வேதி ஆற்றலாகப் போய் உட்காருகிறது. அந்தப் பங்கைக் கணக்கிட ஆம்பியர்-மணியை, முன்னால் சொன்ன 1.23-ஆல் அல்ல, ஹைட்ரஜன் எரிந்தால் தரும் வெப்பத்துக்கு ஈடான 1.48 வோல்ட்டால் பெருக்க வேண்டும்: 60 × 1.48 = 89 வாட்-மணி. இது வெப்பம் ஆகவில்லை. மூடியின் வால்வு வழியாகக் குமிழ் குமிழாக வெளியே போய்விட்டது. மீதி 13 வாட்-மணிதான் செல்லுக்குள் சூடாக மாறியது.

அடுத்தது, உருப்படியாகச் சேமித்த 150 ஆம்பியர்-மணி. அவை 1.7-ல் போய் 1.2-ல் திரும்பின. இடையில் இருக்கும் 0.5 வோல்ட் முழுவதும் வெப்பம்: 75 வாட்-மணி. இதிலும் ஒரு பாகுபாடு உண்டு. இயல்பான 1.37-க்கு மேலே தள்ளிய 0.33 சார்ஜ் ஆகும்போது சூடாகிறது. 1.37-லிருந்து 1.2-க்கு இறங்கிய 0.17 டிஸ்சார்ஜ் ஆகும்போது சூடாகிறது. பேட்டரி அறை சார்ஜ் நேரத்தில்தான் அதிகம் சூடாவதற்கு இது ஒரு காரணம்.

கூட்டினால் வெப்பம் 88, வாயு 89. இழப்பு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. பாதி செல்லைச் சூடாக்குகிறது. மறுபாதி எரிபொருளாகவே வெளியேறுகிறது. சார்ஜ் வேகத்தைக் கூட்டினால் 1.7 இன்னும் மேலே போகும், வெப்பப் பங்கும் கூடும்.

அந்த 0.5 வோல்ட் இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது? ஒரு காரணம் செல்லின் உள்தடை: நீண்ட குழாய்கள், துளையிட்ட எஃகு, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத ஹைட்ராக்சைடு. ஆனால் பெரிய காரணம், முன்னால் சொன்ன கரையாமைதான். கரையாத பொருள் மெதுவாகத்தான் வினைபுரியும். இரும்பு ஹைட்ராக்சைடிலிருந்து இரும்புக்குப் போகிற பாதை மிகச்சிறிய அளவில் கரையும் அயனிகள் வழியாகத்தான். நாம் 30 ஆம்பியர் கேட்டால், அந்த மந்தமான பாதையைக் கூடுதல் வோல்ட் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளிய கூடுதல் வோல்ட்தான் வெப்பம். பொருள் இடம் மாறாமல் இருப்பதும் இதே மந்தத்தால்தான். வேகமாகக் கரைந்து வேகமாகப் படியும் ஒரு தகடு, உதாரணமாகத் துத்தநாகம், வோல்ட்டை அவ்வளவு வீணடிக்காது. ஆனால் அது காரத்தில் தாராளமாகக் கரைந்து, ஒவ்வொரு சார்ஜிலும் வேறு வேறு இடத்தில் படிந்து, ஊசி ஊசியாக வளர்ந்து எதிரே இருக்கும் நேர்த்தகட்டைத் தொட்டு செல்லையே முடித்துவிடும்.

வாயுவாகப் போகிற பாதிக்கும் இதுபோல் ஒரு நல்ல பக்கம் உண்டு. லெட்-ஆசிட்டைத் தொடர்ந்து அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தால் ஈயச் சட்டம் அரிக்கும். லித்தியம் செல்லை அப்படிச் செய்தால் தீப்பிடிக்கலாம். நிக்கல்-இரும்பு செல்லில் கூடுதல் மின்சாரம் தண்ணீரிடம் போகிறது, தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் ஊற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும். சார்ஜரை அணைக்க மறந்த ஒரு தொழிலாளி இந்தச் செல்லைக் கொல்ல முடியாது. ரயில்வே சிக்னல்களிலும் சுரங்கங்களிலும் சரக்கு வண்டிகளிலும் இது அவ்வளவு காலம் நின்றதற்கு இது பெரிய காரணம்.

ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டால்

இந்தச் செல்லை இன்று வாங்க நினைப்பவர் பெரும்பாலும் மின்கம்பி எட்டாத இடத்தில் சோலார் வைக்கிறவர்தான். இரவில் பேட்டரியிலிருந்து 5 யூனிட், அதாவது 5,000 வாட்-மணி தேவைப்படும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஏ-4 அளவுள்ள செல் ஒன்று 180 வாட்-மணி தரும், ஆகவே 28 செல் வேண்டும். அவற்றை நிரப்பப் பேனல்கள் பகலில் 10 யூனிட் கொடுக்க வேண்டும். லெட்-ஆசிட்டுக்கு இது சுமார் 6.25 யூனிட்.

தண்ணீர்ச் செலவும் உண்டு. ஒரு ஆம்பியர்-மணி மின்சாரம் தண்ணீரைப் பிளக்கும்போது 0.336 கிராம் தண்ணீர் போகும். 60 ஆம்பியர்-மணிக்கு 20 கிராம். 28 செல்லுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 200 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். இதை யாராவது தவறாமல் ஊற்ற வேண்டும். தகடு கரைசலுக்கு மேலே தெரிகிற வரை விட்டுவிட்டால், தெரிகிற பகுதி காற்றில் வினைபுரிந்து கெட்டுவிடும்.

அப்புறம் வாயு. ஒவ்வொரு செல்லும் ஒரு முழுச் சார்ஜில் சுமார் 25 லிட்டர் ஹைட்ரஜனை விடும். 28 செல்லுக்கு 700 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4% ஆனால் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். 10 அடிக்கு 8 அடி, உயரம் 8 அடி உள்ள மூடிய அறையில் சுமார் 18 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் 700 லிட்டர் ஹைட்ரஜன் தங்கினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதனால் கூரையை ஒட்டித் திறப்பு வேண்டும். ஸ்விட்ச், இன்வெர்ட்டர் எதுவும் அதே அறையில் செல்களுக்கு மேலே இருக்கக்கூடாது.

இவை தினமும் முழுக்கச் சார்ஜ் செய்தால் வரும் எண்கள். வாயு பெரும்பாலும் சார்ஜின் கடைசிப் பகுதியில்தான் கிளம்புகிறது. கொள்ளளவு அதிகமுள்ள செல்களாக வாங்கி, மெதுவாகச் சார்ஜ் செய்து, நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினால் கணக்கு மாறும். உதாரணத்துக்கு, ஆம்பியர்-மணியில் 90% திரும்பக் கிடைத்து, சார்ஜ் மின்னழுத்தமும் 1.6-ல் நின்றால், திரும்பக் கிடைக்கும் ஆற்றல் 0.9 × 1.2 ÷ 1.6, அதாவது 67%. ஆனால் எப்போதுமே அரைகுறையாக நிறுத்திக்கொண்டிருந்தால் இரும்புத் தகட்டின் ஒரு பகுதி வினையிலிருந்து ஒதுங்கிவிடும், கொள்ளளவு மெல்லக் குறையும். இடையிடையே ஒரு முழுச் சார்ஜ் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வெயில் தாராளமாகக் கிடைத்து, கூடுதல் பேனல் வைக்க இடமும் பணமும் இருந்தால் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். யூனிட்டுக்குக் காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தை இதில் சேமிப்பது கட்டுப்படியாகாது.

சும்மா வைத்திருப்பதும் கட்டுப்படியாகாது. சார்ஜ் செய்து வைத்த இரும்பு, தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு 20 முதல் 30% சார்ஜ் இப்படியே போய்விடும். சூடு ஏறினால் இன்னும் வேகம். மேலே சொன்ன 88 வாட்-மணி வெப்பம் இங்கேதான் தொல்லை தருகிறது: செல்களை நெருக்கமாக அடுக்கி வைத்தால் நடுவில் இருப்பவை சூடாகும், சூடான செல் சார்ஜை அதிகம் கசியவிடும். கரைசல் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் சார்ஜை நிறுத்தி ஆறவிடுவதுதான் முறை. குளிரிலோ கொள்ளளவே படுத்துவிடும்.

இன்னொரு தொல்லை, மின்னழுத்தம் ஏறி இறங்கும் அகலம். 10 செல்லை வரிசையாக இணைத்த 12 வோல்ட் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது 17 வோல்ட்டுக்குப் போகும், காலியாகும்போது 10-க்கு வரும். லெட்-ஆசிட்டுக்காகச் செய்த இன்வெர்ட்டர் பல சமயம் மேல் எல்லையிலேயே பயந்து நின்றுவிடும். அதைத் தவிர்க்கச் சார்ஜரை 14.4-ல் நிறுத்தி வைப்பார்கள். அப்போது செல்லுக்கு 1.44 வோல்ட்தான் கிடைக்கும். இரும்பு பாதிகூட நிறையாது. செல் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றப் புறப்படுவதற்கு முன்னால் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

கெடும்போது எப்படிக் கெடும்

நிக்கல்-இரும்பு செல்லில் உண்மையாகவே வயதாவது கரைசல்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பொட்டாசியம் கார்பனேட்டாக மாறும். கார்பனேட் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சார்ஜில் மின்னழுத்தம் சீக்கிரம் ஏறுவது, டிஸ்சார்ஜில் சீக்கிரம் இறங்குவது, வழக்கத்தைவிடச் சூடாவது, இவை அதன் அடையாளங்கள். மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் கார்பனேட்தான், ஆனால் அது வெளியே கசிந்தது. அதைத் துடைத்தால் போதும். உள்ளே கரைசலின் அடர்த்தி 1.16 அளவுக்கு இறங்கினால் முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றினால் கொள்ளளவு பெரும்பாலும் திரும்பிவிடும். பழைய செல்கள் பிழைப்பது இப்படித்தான். தகடுகள் அப்படியே இருக்கின்றன, கரைசல் மட்டும் புதிது.

திரும்பாத கேடும் ஒன்று உண்டு, அது அமிலம். லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பயன்படுத்திய புனலையோ ஹைட்ரோமீட்டரையோ கழுவாமல் இதில் வைத்தால், சில சொட்டு அமிலமே எஃகையும் தகட்டையும் பாழாக்கத் தொடங்கிவிடும். இரண்டு வகைப் பேட்டரியும் இருக்கும் இடத்தில் கருவிகளைத் தனித்தனியாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெகுகாலம் சும்மா கிடந்த செல் முதலில் பாதிகூடத் தராது. இரும்பின் மேல் ஒரு படலம் மூடியிருக்கும். நீண்ட சார்ஜ் ஒன்று கொடுத்து, முழுக்கக் காலி செய்து, இப்படிச் சில சுற்று ஓட்டினால் கொள்ளளவு சுற்றுக்குச் சுற்று ஏறிவரும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் ஏறாத செல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இழப்பை அடைப்பதா, அறுவடை செய்வதா

எடிசனின் பேட்டரி வணிகத்தை 1972-ல் எக்சைட் வாங்கியது, 1975-ல் உற்பத்தியை நிறுத்தியது. கார்களில் இது எப்போதோ இடம் இழந்துவிட்டது. 1912-ல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த பிறகு, கார் பேட்டரிக்கு வேண்டியிருந்தது சில நொடி பாயும் பெரிய மின்னோட்டம். மந்தமான இரும்புத் தகட்டால் அதைத் தர முடியாது.

இந்த நூற்றாண்டில் ஆராய்ச்சி இரண்டு எதிரெதிர்த் திசைகளில் போயிருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நாராயணன் குழுவினர் 2012-ல், தூய இரும்புத் தூளில் சிறிதளவு பிஸ்மத் சல்ஃபைடைச் சேர்த்தார்கள். ஈயத்தைப் போலவே பிஸ்மத்தும் ஹைட்ரஜனை உருவாக்குவதில் சோம்பல். ஹைட்ரஜன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, கொடுத்த ஆம்பியர்-மணியில் 96% இரும்பைச் சார்ஜ் செய்யப் போனது. முதல் வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபோக்கோ மல்டர் குழு அந்த வாசலை அடைக்கவில்லை, அங்கே பாத்திரம் வைத்தார்கள். செல் நிறையும் வரை அது பேட்டரி. நிறைந்த பிறகும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது ஹைட்ரஜன் ஆலை. இதற்கு பேட்டொலைசர் என்று பெயர் வைத்தார்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலும் சாகாத தகடு என்பதால்தான் இது முடிகிறது. மற்ற பெரும்பாலான பேட்டரிகளில் இப்படி ஒரு வேலையைத் துணிந்து கொடுக்க முடியாது.

ஏ-4-ன் எண்களையே இதற்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே போன 357 வாட்-மணியில் 180 மின்சாரமாகத் திரும்பியது. ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருந்தால் இன்னொரு 89 கையில் இருக்கும். இரண்டும் சேர்ந்து 75%. மீதி 88 வாட்-மணி, இரும்பை அவசரப்படுத்தியதற்கான வெப்பம். சார்ஜை மெதுவாக்கினால் அது குறையும். அதே இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு அதை முழுவதும் இல்லாமல் ஆக்க முடியாது.